தயிரும் ஆப்பசோடாவும்: பான்கேக், கேக் பொங்கி வர எவ்வளவு புளிப்புக்கு எவ்வளவு சோடா

வெளிநாட்டுக் குறிப்புகளில் ‘ஒரு கப் பட்டர்மில்க், அரை டீஸ்பூன் பேக்கிங் சோடா’ என்று இருக்கும். அதைத் தமிழில் ‘ஒரு கப் மோர்’ என்று மாற்றிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குக் கரைத்து வைத்த மோரை எடுத்து ஊற்றுவதில்தான் பாதி வீடுகளில் கேக் கெட்டுப்போகிறது. கேக்கில் சோப்பு வாடை அடிக்கும். நிறம் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். சோடா மட்டமானது என்று பாக்கெட்டை மாற்றுவார்கள். சோடாவில் குறை ஒன்றும் இல்லை, மோரில்தான் புளிப்புப் போதவில்லை.

அந்த ஊர்க் கடைகளில் பட்டர்மில்க் என்று விற்பது, கொழுப்பு குறைந்த பாலைத் தயிர் போலவே உறைய வைத்துக் கலக்கிய கெட்டியான திரவம். டம்ளரைச் சாய்த்தால் மெதுவாக வழியும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்ப்பதில்லை. நம் மோர் என்பது ஒரு பங்கு தயிருக்கு இரண்டு, மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்தது. சித்திரை வெயிலில் ஈரோடு, கரூர்ப் பக்கம் இன்னும் தண்ணியாகவே கரைப்பார்கள். ஆக, நம் மோரில் இருக்கும் புளிப்பு அவர்கள் பட்டர்மில்க்கில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான். அந்தக் குறிப்புக்குச் சரியான மாற்று மோர் அல்ல. முந்தைய நாள் உறை ஊற்றிய தயிர் 180 முதல் 200 கிராம் எடுத்து, ஒரு கப் அளவு வரும்வரை தண்ணீரோ பாலோ விட்டு, கட்டியில்லாமல் அடித்துக்கொண்டால் அதுதான் அவர்கள் சொல்லும் பட்டர்மில்க்.

இந்த வழிகாட்டி முழுவதும் கப் என்றால் 240 மில்லி, டீஸ்பூன் என்றால் 5 மில்லி அளவுக் கரண்டி. அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் ஸ்பூன் கணக்கில் வராது. சோடா விஷயத்தில் கால் டீஸ்பூன் கூடினாலே ருசி மாறிவிடும். அதனால் அளவுக் கரண்டி ஒரு செட் வாங்கி, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட்டு அளந்தால்தான் கீழே சொல்லும் கணக்கெல்லாம் பலிக்கும்.

சோடாவும் புளிப்பும் சேர்ந்தால் நடப்பது

ஆப்பசோடா, சமையல் சோடா, சோடா உப்பு என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் பொருள் ஒன்றுதான்: சோடியம் பைகார்பனேட். அது காரத்தன்மை உள்ளது. தயிரின் புளிப்புக்குக் காரணம் லாக்டிக் அமிலம். பாலில் உள்ள சர்க்கரையை உறைமோரின் நுண்ணுயிர்கள் தின்று இந்த அமிலமாக மாற்றுகின்றன. காரமும் அமிலமும் ஈரத்தில் சந்தித்ததும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. அப்போது கரியமில வாயு வெளிவருகிறது.

```
NaHCO3 + C3H6O3 → NaC3H5O3 + H2O + CO2
```

மிஞ்சுவது தண்ணீரும், நாக்கில் அதிகம் தெரியாத சோடியம் லாக்டேட் என்ற உப்பும். அந்த வாயு, மாவை அடிக்கும்போது உள்ளே போன சிறு காற்றுக் குமிழிகளுக்குள் புகுந்து அவற்றைப் பெரிதாக்குகிறது. சூட்டில் குமிழி இன்னும் விரியும்போதே சுற்றியிருக்கும் மாவும் முட்டையும் வெந்து இறுகுகின்றன. நமக்குக் கிடைக்கும் பஞ்சு போன்ற மெத்தை அதுதான்.

எடைக் கணக்கில், 1 கிராம் சோடா முழுதும் தீர ஏறத்தாழ 1.07 கிராம் லாக்டிக் அமிலம் வேண்டும். அதாவது கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. கால் டீஸ்பூன் சோடா ஏறத்தாழ 1.25 கிராம் இருக்கும். அது முழுதும் வினை புரிந்தால், அறை வெப்பத்தில் மூன்றில் ஒரு லிட்டருக்கும் சற்று அதிகமான வாயு வரும். ஒரு கப் மைதாவில் செய்யும் பான்கேக் மாவின் மொத்தக் கன அளவே ஏறக்குறைய அவ்வளவுதான். வாயுவில் ஒரு பகுதி வழியிலேயே தப்பிப் போனாலும் மீதி போதும்.

அமிலம் போதாமல் போனாலும் சோடா சும்மா இருப்பதில்லை. அடுப்புச் சூட்டில் தானாகவே பிரிந்து வாயுவைத் தரும். ஆனால் வருவது பாதி வாயுதான். மிச்சம் தங்குவது சோடியம் கார்பனேட், அதாவது துணி வெளுக்கப் பயன்படும் சலவை சோடா. சோப்பு வாடை, கரகரத்த கசப்பு, கரும்பழுப்பு நிறம் எல்லாம் இதனால் வருபவை. ‘கேக் எழும்பவில்லை’ என்று சோடாவைக் கூட்டினால், பாதி வாயுவுக்காக ருசி முழுவதையும் கொடுத்துவிடுகிறோம்.

தயிரை மாற்றுங்கள், சோடாவை மாற்ற வேண்டாம்

தயிரின் புளிப்பு ஒரே மாதிரி நிற்பதில்லை. காலையில் உறைந்ததும் எடுத்த இனிப்புத் தயிரில் 100 கிராமுக்கு 0.6 கிராம் அளவு அமிலம் இருக்கலாம். ஒரு நாள் ஆன தயிரில் 0.8 கிராம் பக்கம் வரும். வெளியிலேயே வைத்துப் புளித்ததில் 1.2 கிராமைத் தொடும், அதைத் தாண்டவும் செய்யும். ஆடிக் காற்று வீசும்போது கோயம்புத்தூரில் மெதுவாக உறையும் தயிரும், பங்குனி கடைசியில் பவானியில் சில மணி நேரத்தில் உறைந்து மாலைக்குள் புளித்துவிடும் தயிரும் ஒரே குறிப்புக்கு ஒரே விதமாக நடந்துகொள்ளாது. ‘போன தடவை நல்லா வந்துச்சுங்க, இந்தத் தடவை ஏனோ வரலை’ என்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

தயிர் அதிகம் புளித்திருந்தால் சோடாவைக் கூட்ட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். அதைவிட நல்ல வழி இருக்கிறது. எவ்வளவு வாயு வேண்டும் என்பதைத் தயிர் முடிவு செய்வதில்லை, மாவுதான் முடிவு செய்கிறது. ஒரு கப் மைதாவுக்கு, அதாவது ஏறத்தாழ 130 கிராமுக்கு, கால் டீஸ்பூன் சோடா தரும் வாயு போதும். அதற்கு மேல் வாயு வந்தால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும். நன்றாக எழும்பிய கேக் நடுவில் பள்ளமாக உட்காருவது அப்படித்தான். எனவே சோடா, கப்புக்குக் கால் டீஸ்பூன் என்றே நிற்கட்டும். அதைத் தீர்க்கும் அளவுக்குத் தயிரை எடுத்துக்கொண்டு, குறையும் ஈரத்தைப் பாலால் நிரப்புங்கள்.

கால் டீஸ்பூன் சோடாவுக்கு 1.3 கிராம் அளவு அமிலம் வேண்டும். ஒரு நாள் தயிரில் அது 170 கிராமில் கிடைத்துவிடும். நன்றாகப் புளித்த தயிரில் 110 கிராமே போதும். இனிப்புத் தயிரில் 220 கிராம் வேண்டியிருக்கும். புளிப்பு சற்று மிஞ்சுவது கெடுதல் இல்லை, லேசான தயிர் ருசி கேக்குக்கு நல்லதே. சோடா மிஞ்சுவதுதான் ஆகாது. அதனால் கொஞ்சம் தாராளமாக, ஒரு நாள் தயிர் என்றால் 200 கிராம் அப்படியே, புளித்த தயிர் என்றால் 130 கிராமும் 70 மில்லி பாலும் என்று வைத்துக்கொள்ளலாம். இனிப்புத் தயிர் மட்டுமே கையில் இருந்தால் 200 கிராம் தயிரில் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு பிழிந்து கலக்குங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு ஏறத்தாழ 1 கிராம் சோடாவைத் தீர்க்கும். ஒரு டீஸ்பூன் அதில் மூன்றில் ஒரு பங்கு. இனிப்புத் தயிரின் குறையை ஈடுகட்ட அது போதும்.

எந்தத் தயிர் எந்த ரகம் என்று அறிய நாக்கே போதுமானது. ஒரு ஸ்பூன் வாயில் போட்டதும் இனிப்பு முதலில் தெரிந்தால் அது இனிப்புத் தயிர். சோற்றில் பிசைய இதமான புளிப்பு என்றால் ஒரு நாள் தயிர். பல் கூசி, ‘மோர்க்குழம்புக்கு ஆகும்’ என்று தோன்றினால் புளித்த தயிர்.

இன்னொன்று. தயிர்ச் சட்டியில் மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டாம். அமிலம் கரைந்திருப்பது அந்த நீரில்தான். துணியில் கட்டி வடித்த தயிர் பார்க்கக் கெட்டியாக இருந்தாலும், நீரோடு சேர்ந்து அதன் அமிலத்திலும் ஒரு பங்கு போயிருக்கும். தெளிநீரையும் சேர்த்து அடித்து, அதன் பிறகு நிறுத்து எடுங்கள்.

பான்கேக்: அடுப்பை முதலில் பற்ற வையுங்கள்

ஏழு பான்கேக்குக்கு வேண்டியவை: மைதா 130 கிராம், ஆப்பசோடா கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், நாட்டுச்சக்கரை ஒரு டேபிள்ஸ்பூன், ஒரு நாள் தயிர் 200 கிராம், முட்டை ஒன்று, உருக்கி ஆறிய வெண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன். கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரை கிடைத்தால் மணம் கூடும். கட்டி இருந்தால் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். நாட்டுச்சக்கரைக்கும் லேசான புளிப்பு உண்டு என்று சிலர் சோடாக் கணக்கில் அதையும் சேர்ப்பார்கள். ஒரு ஆலையின் சக்கரை போல் இன்னொன்று இருக்காது, அதனால் கணக்கில் எடுக்காமல் விடுவதே நல்லது.

மாவு கலப்பதற்கு முன்பே தோசைக்கல்லை மிதமான தீயில் வைத்துவிடுங்கள். லாக்டிக் அமிலம் காத்திருக்கும் அமிலம் அல்ல. ஈரம் பட்ட நொடியிலிருந்தே வாயு வரத் தொடங்கிவிடும். மாவைக் கலந்து வைத்துவிட்டுக் கல் காயும்வரை காத்திருந்தால் அந்த நேரமெல்லாம் வாயு மேலே போய்க்கொண்டே இருக்கும். அடுப்பில் ஏற வேண்டியது பாத்திரத்திலேயே தீர்ந்துபோகும்.

மைதா, சோடா, உப்பு, சக்கரை நான்கையும் ஒன்றாகச் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். சோடா காற்று ஈரத்தில் சிறு கட்டியாகப் பிடித்திருக்கும். அதை உள்ளங்கையில் வைத்து விரலால் தேய்த்துப் பொடியாக்கிய பிறகு மாவில் சேருங்கள். வேறொரு பாத்திரத்தில் தயிரைக் கட்டியில்லாமல் அடித்து, முட்டையையும் வெண்ணெயையும் சேர்த்துக் கலக்குங்கள். தயிர் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக வந்தால் வெண்ணெய் உறைந்து மணிமணியாகிவிடும். அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

கல் சூடானதும் தயிர்க் கலவையை மாவில் ஊற்றி, கரண்டியால் பத்துப் பதினைந்து சுற்று மட்டும் கலக்குங்கள். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடலாம். சிறு கட்டிகள் இருக்கட்டும், வேகும்போது கரைந்துவிடும். தோசை மாவைக் கரைப்பது போல் வழுவழுப்பாகும் வரை அடித்தால் மைதாவின் பசை முறுக்கேறி, பான்கேக் ரப்பர் போல இழுபடும், வாயுவும் வெளியேறிவிடும். பதம் இட்லி மாவை ஒட்டி இருக்க வேண்டும். கரண்டியிலிருந்து பொத்தென்று விழ வேண்டுமே தவிர, நூலாக வழியக் கூடாது. எருமைத் தயிர் கெட்டியாக இருப்பதால் மாவு இறுகினால், இரண்டு டேபிள்ஸ்பூன் பால் விட்டுத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

கல்லில் தண்ணீர் தெளித்தால் துளிகள் உருண்டு ஓடி மறைய வேண்டும். எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, கால் கப் மாவை ஓரிடத்தில் ஊற்றுங்கள். கரண்டியால் இழுத்துப் பரப்ப வேண்டாம், அதுவாகவே பரவும். அரை நிமிடத்தில் ஓரத்தில் குமிழ் வரும், பிறகு நடுவிலும் வரும். முதலில் வரும் குமிழ்கள் உடைந்ததும் அந்த இடம் ஈர மாவால் மூடிக்கொள்ளும். அப்போது திருப்பினால் உள்ளே வேகாமல் பிசுபிசுக்கும். குமிழ் உடைந்து, அதன் குழி மூடாமல் ஆப்பத்தின் கண் போலத் திறந்தே நிற்கும்போது, ஓரத்தின் பளபளப்பும் மங்கியிருக்கும். ஒன்றரை முதல் இரண்டு நிமிடத்தில் இந்தக் கட்டம் வரும். அப்போது திருப்பி, மறுபக்கம் ஒரு நிமிடம் போதும். திருப்பிய பிறகு தோசைத் திருப்பியால் அழுத்தும் பழக்கத்தை மட்டும் இங்கே விட்டுவிடுங்கள். அழுத்தினால் நாம் பாடுபட்டுச் சேர்த்த வாயு வெளியே வந்துவிடும்.

மொத்த மாவையும் பதினைந்து நிமிடத்துக்குள் சுட்டு முடியுங்கள். முதல் பான்கேக்கையும் கடைசியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கடைசி சற்றுத் தட்டையாகத்தான் இருக்கும். கூட்டம் அதிகம் என்றால் மொத்தமாகக் கலக்காமல், உலர் மாவையும் தயிர்க் கலவையையும் தனித்தனியே வைத்துக்கொண்டு இரண்டு மூன்று தடவையாகக் கலக்கலாம். முட்டை சேர்க்காதவர்கள் அதற்குப் பதில் மூன்று டேபிள்ஸ்பூன் பால் விடலாம். எழுச்சி கொஞ்சம் குறையும், ருசியில் குறை இருக்காது. ராகி மாவு கலக்க நினைத்தால் மைதாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். ராகியில் வாயுவைப் பிடித்து வைக்கும் பசை இல்லை.

மஞ்சள் சோதனை

சோடா மிஞ்சிவிட்டதா என்று கேக் வெந்து முடியும்வரை காத்திருக்காமல் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விட்டதும் சிவப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். சுண்ணாம்பு காரம் என்பதால் மஞ்சளின் நிறப்பொருள் சிவக்கிறது. சோடாவும் காரம்தான். அமிலத்தோடு தீர்ந்துபோன சோடாவால் மஞ்சளை ஒன்றும் செய்ய முடியாது. மிஞ்சி நிற்கும் சோடா, சூட்டில் சலவை சோடாவாக மாறிச் சிவக்க வைக்கும்.

கலந்த மாவில் ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, இரண்டு விரல் நுனியில் எடுத்த மஞ்சள் தூளை அதில் கலந்து, கல்லில் ரூபாய்க் காசு அகலத்துக்கு ஊற்றிச் சுடுங்கள். வெந்ததும் மேல்பக்கத்தைப் பார்க்காதீர்கள், அது எப்படியும் சிவந்துதான் இருக்கும். இரண்டாகப் பிய்த்து உள்ளே பாருங்கள். எலுமிச்சை சாதம் போலத் தெளிவான மஞ்சள் என்றால் அளவு சரி. ஆரஞ்சு கலந்தோ செங்கல் நிறமாகவோ இருந்தால் சோடா அதிகம். மீதி மாவில் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு கலந்து, மறுபடி ஒரு காசு சுட்டுப் பாருங்கள். பெரும்பகுதி மஞ்சளாக இருந்து, அங்கங்கே குங்குமம் தெளித்தது போலச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அளவில் தவறில்லை, சோடா கட்டியாக நின்றிருக்கிறது. அடுத்த முறை இன்னும் நன்றாகத் தேய்த்துச் சலிக்க வேண்டும் என்று அர்த்தம்.

இதற்கு நல்ல மஞ்சள் வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் நம் வீட்டிலேயே இருக்கும்போது அது ஒரு குறை இல்லை. முதல் தடவை செய்பவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க, சோடா சேர்க்காமல் கொஞ்சம் தயிர், மைதா, மஞ்சள் மட்டும் கலந்து இன்னொரு காசு சுட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நிறத்தில் ஐயமே வராது. புளிப்பு மிஞ்சியிருப்பதை மட்டும் இந்தச் சோதனை காட்டாது. அதை வெளிறிய நிறத்தாலும் நாக்காலும்தான் அறிய வேண்டும். புளிப்பு மிகுந்த மாவு கல்லில் சீக்கிரம் சிவக்காது. காரம் கூடினால் சட்டென்று சிவக்கும்.

முட்டையில்லாத் தயிர்க் கேக்

ஏழு அங்குல வட்டத் தட்டுக்கான அளவு: மைதா 195 கிராம், பொடித்த சர்க்கரை 180 கிராம், ஒரு நாள் தயிர் 250 கிராம், எண்ணெய் 110 மில்லி, ஆப்பசோடா கால் டீஸ்பூனும் மேற்கொண்டு அதில் பாதியும், பேக்கிங் பவுடர் முக்கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய் அல்லது வெனிலா. 250 கிராம் தயிரில் 2 கிராம் அமிலம் இருக்கும். சோடா 1.9 கிராம் பக்கம். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும்.

அப்படியிருக்க பேக்கிங் பவுடர் எதற்கு? தயிரும் சோடாவும் தரும் வாயு மாவு கலக்கும்போதும் வேகத் தொடங்கும் முதல் சில நிமிடங்களிலும் வந்துவிடும். பான்கேக் இரண்டு நிமிடத்தில் வெந்துவிடுவதால் அதற்கு அது போதும். கேக்கின் நடுப்பகுதி சூடாகவே இருபது நிமிடம் ஆகும். முட்டையும் இல்லாததால் தாங்கிப் பிடிக்க ஆள் குறைவு. பேக்கிங் பவுடரில் சோடாவும் அதற்கு வேண்டிய அமிலமும் உலர்ந்த தூளாக ஏற்கெனவே கலந்திருக்கும். இன்று விற்பவற்றில் பெரும்பாலானவற்றில் அந்த அமிலத்தில் ஒரு பகுதி சூடு ஏறிய பிறகுதான் வினை புரியும். அந்தத் தாமதமான வாயுதான் நடுவைத் தூக்கிவிடும். கேக் இன்னும் எழும்ப வேண்டும் என்றால் கூட்ட வேண்டியது பேக்கிங் பவுடரை, சோடாவை அல்ல.

பல குறிப்புகளில் தயிரில் சோடாவைப் போட்டு, நுரைத்துப் பொங்கும்வரை ஐந்து நிமிடம் வையுங்கள் என்று சொல்வார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த நுரையில் வெடிக்கும் ஒவ்வொரு குமிழும் கேக்குக்குள் போயிருக்க வேண்டிய வாயு. பொங்கிய தயிரோடு மாவைக் கலக்கும்போது மீதி நுரையிலும் பெரும்பகுதி அடங்கிவிடும். சோடா நல்லதா என்று அறிய வேண்டுமானால் கால் டீஸ்பூனைத் தனியாக எலுமிச்சைச் சாற்றில் போட்டுப் பாருங்கள். கேக்குக்கான சோடா மாவோடுதான் போக வேண்டும்.

ஓவன் அடுப்பு 180 டிகிரியில் பத்து நிமிடம் சூடாகட்டும். தட்டில் எண்ணெய் தடவி, அடியில் காகிதம் வெட்டிப் போடுங்கள். மைதா, சோடா, பேக்கிங் பவுடர், உப்பு ஆகியவற்றை மூன்று முறை சலியுங்கள். தயிரையும் சர்க்கரையையும் சர்க்கரை கரையும்வரை அடித்து, எண்ணெயைச் சேர்த்து, பாயசம் போலப் பளபளப்பாகும் வரை கலக்குங்கள். இதுவரை எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை, சோடா இன்னும் உள்ளே வரவில்லை. மாவை இரண்டு தவணையாகச் சேர்த்து, அடியிலிருந்து மேலாக மடித்து மடித்துக் கலந்து, உடனே தட்டில் ஊற்றி, ஒருமுறை மேடையில் தட்டி, அடுப்புக்குள் வையுங்கள். மாவு சேர்த்ததிலிருந்து உள்ளே வைப்பது வரை ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். 35 முதல் 40 நிமிடத்தில் வெந்துவிடும். முதல் இருபத்தைந்து நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். எண்ணெயில் வாடை தெரியாததாகப் பார்த்துக்கொள்ளுங்கள். காங்கேயம் பக்கத்துத் தேங்காயெண்ணெய் ஏலக்காயோடு நன்றாகச் சேரும். செக்குக் கடலெண்ணெய் போட்டால் கேக்கில் அந்த வாசமே மேலோங்கும்.

ஓவன் இல்லாத வீட்டில், அடி கனமான பழைய பாத்திரத்தில் ஒரு அங்குலத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, மேலே தட்டு தாங்கும் வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கிப் பிறகு கேக் தட்டை வைக்கலாம். குக்கர்தான் என்றால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. சிறு தீயில் 45 முதல் 55 நிமிடம் ஆகும். மேல்சூடு இல்லாததால் மேல்பக்கம் வெளிறித்தான் இருக்கும். அதைச் சிவக்க வைப்பதற்காகச் சோடாவைக் கூட்டாதீர்கள்.

கெட்டுப்போன கேக்கை வெட்டிப் பார்த்தால்

கேக்கை நடுவில் வெட்டி, வெட்டிய முகத்தை வெளிச்சத்தில் காட்டுங்கள். அடியில் அரை அங்குலத்துக்குக் களி போல அடர்ந்த பட்டை இருந்தால், மாவு கலந்து வெகுநேரம் காத்திருந்திருக்கிறது, அல்லது அடுப்பு சூடாகாமல் உள்ளே போயிருக்கிறது. வாயு முன்னால் போய்விட்டது, வேக்காடு பின்னால் வந்திருக்கிறது. கீழிருந்து மேலே நீளமான குகை போன்ற துளைகள் இருந்தால் அது அதிகம் அடித்த மாவு. முறுக்கேறிய பசைக்குள் வாயு வழி தேடி மேலே ஏறியிருக்கிறது.

நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் இரண்டு காரணம் உண்டு, இரண்டையும் நிறமே பிரித்துக் காட்டும். பள்ளத்தோடு கேக்கின் உள்பக்கமும் கரும்பழுப்பாகி, முகர்ந்தால் சோப்பு வாடை வந்தால் சோடா மிஞ்சியிருக்கிறது. நிறம் இயல்பாக இருந்து, பள்ளத்தின் அடி மட்டும் ஈரமாக ஒட்டினால் வேக்காடு போதவில்லை, அல்லது கதவை முன்பே திறந்துவிட்டார்கள். உள்பக்கம் வெளிறி, மேலே சிவக்காமல், சாப்பிட்ட பிறகு நாக்கில் புளிப்பு நின்றால் தயிர் அதிகம் புளித்தது. அடுத்த முறை 160 கிராம் தயிரும் 90 மில்லி பாலும் என்று மாற்றிப் பாருங்கள்.

சாக்லேட் கேக்குக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரணக் கோகோ தூளே லேசான அமிலம் உள்ளது. காரம் சேர்த்துப் பதப்படுத்திய கருநிறக் கோகோவில் அந்த அமிலம் இருக்காது. தயிர்க் கணக்கைச் சரியாக வைத்திருந்தால் இரண்டில் எது போட்டாலும் கேக் எழும்பிவிடும். ஆனால் கோகோவின் கருமை சோடா மிஞ்சியதை மறைத்துவிடும், மஞ்சள் சோதனையிலும் நிறம் தெரியாது. அதனால் கோகோ சேர்ப்பதாக இருந்தால், அதே தயிரில் கோகோ இல்லாமல் ஒரு டேபிள்ஸ்பூன் மைதாவும் அதற்கேற்ற தயிரும் சோடாவும் முதலில் கலந்து காசு சுட்டுப் பாருங்கள். அவ்வளவு சின்ன அளவுக்குச் சோடாவை அளக்க முடியாது என்பதால், உலர் மாவு முழுவதையும் சலித்து வைத்துவிட்டு, அதிலிருந்து ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்துத் தயிர் விட்டுக் கலக்கி, மஞ்சள் தொட்டுச் சுட வேண்டும். மஞ்சளாக வந்த பிறகு மீதி மாவில் கோகோவைச் சலித்துச் சேருங்கள்.